சாயங்காலம் நாலு மணிப் பசி, டெஃபிசிட்ல இருக்கவங்க என்ன சாப்பிட்டீங்க, என்ன ஆச்சு?

டஸ்ட்டீ கிளார்க் (கோத்தகிரி)

நேரா விஷயத்துக்கு வரேன். மூணு மாசமா ஒரு நாளைக்கு 1500 கலோரின்னு வெச்சு ஓட்டிட்டு இருக்கேன், முதல் மாசம் எடை இறங்குச்சு, அப்புறம் அப்படியே நின்னுபோச்சு. மத்தியானம் ரெண்டு சப்பாத்தி, கூட்டு, எல்லாம் எழுதி வெக்கிறேன். நாலு மணிக்கு ஃபேக்டரி கேன்டீன்ல டீயோட வர்க்கி வரும், அதைத் தொடவே இல்ல, அதுக்குப் பதிலா டிராயர்ல வறுத்த கொண்டைக்கடலை வாங்கி வெச்சிருந்தேன், உப்பு மஞ்சள் போட்டு தோலோட வறுத்தது. புரோட்டீன்தானேன்னு அதை மட்டும் கணக்குல எழுதவே இல்ல, "ஒரு கைப்பிடி"ன்னு மனசுலயே முடிச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் இன்வாய்ஸ் அடிச்சுக்கிட்டே சாப்பிட்டேன், நிமிர்ந்து பாத்தா பாக்கெட் பாதி காலி. பக்கத்து ரூம்ல டீ டேஸ்டிங்குக்கு கப்புக்கு ரெண்டரை மூணு கிராம் தூள் நிறுக்கிற சின்ன தராசு இருக்கு, அதுல மீதியைக் கொட்டி வெச்சேன். காலையில பிரிச்ச 250 கிராம் பாக்கெட்ல மீதி 110. அப்போ 140 கிராம் உள்ள போயிருக்கு. நூறு கிராமுக்கு 370 கலோரி பக்கம்னு போட்டாலும் 500ஐத் தாண்டுது. என் மத்தியான சாப்பாடே 400தாங்க! டேஸ்டர் சார் உள்ள வந்து "என்னம்மா, புது கிரேடா?"ன்னு கேட்டார். அந்த மூஞ்சியை இன்னும் மறக்க முடியல.

கொடுமை என்னன்னா ஆறரைக்கு வீட்டுக்குப் போனதும் மறுபடி பசிச்சுது. உங்களுக்கு எது நின்னுச்சு, சொல்லுங்க.

பனிமூட்டம் 77 (ஊட்டி)

அக்கா, கடலையை விடுங்க, முளைப்பயறுக்கு வாங்க. முளை கட்டினா புரோட்டீன் டபுள் ஆகும், கலோரியும் பாதி ஆயிடும். நூறு கிராம் முளைப்பயறுல முப்பது கலோரின்னு ஆப்லயே போட்டிருக்கு.

ஆனா ஊட்டியில முளை கட்டுறது ஒரு தனி யுத்தம். கோயம்புத்தூர்ல எங்க சித்தி ராத்திரி துணியில கட்டித் தொங்கவிட்டா காலையில வால் விட்டிருக்கும், இங்க டிசம்பர்ல ரெண்டு நாள் ஆகியும் பச்சைப்பயறு கல்லு மாதிரி அப்படியே கிடந்துச்சு. மூணாம் நாள் லேசா முளை தெரிஞ்சதும் சந்தோஷத்துல டப்பாவுல போட்டு ஆபீஸ் எடுத்துட்டுப் போனேன். நாலு மணிக்கு மூடியைத் திறந்தா புளிச்ச மாவு வாடை, ஸ்பூனைத் தூக்கினா நூல் நூலா இழுக்குது. குளிருக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி வெச்சிருந்த ரூம். மூணு பேர் எழுந்து வெளிய போய்ட்டாங்க. அன்னிக்கு பஜ்ஜி சாப்பிட்டேன், ஆறு.

மெஸ் அக்கா (குன்னூர்)

பனிமூட்டம் தம்பி, கோவிச்சுக்காதீங்க, டபுள் எல்லாம் ஆகாது. பயறு தண்ணியைக் குடிச்சு உப்பியிருக்கு, அவ்வளவுதான். காய்ஞ்ச பச்சைப்பயறு 50 கிராம் எடுத்தா அதுல 12 கிராம் புரோட்டீன், 170 கலோரி. முளை விட்டு 120 கிராம் ஆனாலும் உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட அதே 12தான், கலோரி கொஞ்சமா குறையும். உங்க ஆப்ல இருக்க முப்பது கலோரி, விரல் நீளத்துக்கு வெள்ளையா தண்டு விட்ட முளைக்கு, அது முக்கால்வாசிக்கு மேல தண்ணி, புரோட்டீனும் மூணு கிராம்தான். நம்ம வீட்டுல கட்டுறது குட்டி வால், அதுக்கு அந்தக் கணக்கைப் போட்டா கலோரியும் தப்பு, புரோட்டீனும் தப்பு. ஊற வெக்கிறதுக்கு முன்னாடி காய்ஞ்ச பயறை நிறுத்து எழுதிக்கோங்க, ஒரே தடவைல குழப்பம் தீரும்.

அந்தத் தண்ணிதான் வயித்துக்கு லாபம். கிளார்க் தங்கச்சி, அதே 170 கலோரிக்கு உங்க கடலை 45 கிராம்தான் வரும், உள்ளங்கையில அடங்கிரும், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும். முளைப்பயறு ஒரு கிண்ணம், அதுல நம்மூரு கேரட் ஒண்ணு துருவி, வெள்ளரிக்கா, வெங்காயம், எலுமிச்சை பிழிஞ்சா பெரிய கிண்ணம் நிறைய ஆகுது, மென்னு முடிக்கவே பத்து நிமிஷம். கடலை கெட்டதுன்னு சொல்லல, 30 கிராமை நிறுத்து சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க, பாக்கெட்டை வீட்டுலயே விடுங்க. இந்தப் பனியில பிரிச்ச பாக்கெட் ரெண்டு நாள்ல நமத்துப்போகும், நமத்துப்போச்சேன்னு முடிச்சுர்றவங்களை நான் பாத்திருக்கேன். இரும்புச் சட்டியில உப்பு போட்டு நாலு நிமிஷம் வறுத்து ஆறவிட்டு டின்ல அடைச்சா மறுபடி மொறுமொறுன்னு ஆயிடும்.

குளிர்ல முளை கட்ட: வெதுவெதுப்பான தண்ணியில எட்டு மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை ஒட்ட வடிச்சு, ஹாட்பாக்ஸ்ல போட்டு பக்கத்துல ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சு மூடுங்க. காலையும் சாயங்காலமும் அலசி மறுபடி வடிக்கணும். உங்களுக்கு நூல் விட்டது குளிரால இல்ல தம்பி, அடியில தண்ணி தேங்கி மூணு நாள் அலசாம இருந்ததால. நல்ல முளை பச்சைப்பட்டாணி மாதிரி இனிப்பா வாசம் அடிக்கும். புளிப்பு வந்தா அலசிப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, கொட்டிருங்க. நல்லதையும் பச்சையா சாப்பிட வேண்டாம், முளைக்கிற சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடிச்ச இடம். இட்லிப் பானையில ஏழெட்டு நிமிஷம் ஆவி காட்டுங்க.

என் சொந்தக் கதை சின்னதுதான். மெஸ் ஆரம்பிச்ச புதுசுல சென்னை அக்கா சொன்ன மாதிரி முட்டையைப் பத்து நிமிஷம் அவிச்சு ஊட்டி பஸ்ல ஏறினேன். அருவங்காடு தாண்டி ஒரு வளைவு, முட்டையை உடைச்சேன், மஞ்சக்கரு அப்படியே ஒழுகி பக்கத்துல இருந்த அம்மாவோட சால்வையில! இந்த உயரத்துல தண்ணி 93, 94 டிகிரியிலயே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது. கெட்டியா வேணும்னா கொதிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பதினாலு பதினஞ்சு நிமிஷம் விடுங்க.

கொடை ஜீப்காரன்

மெஸ் அக்கா பெரிய கட்டுரை போட்டிருக்கீங்க, ஆனா முளைப்பயறு சாப்பிட்டு டூரிஸ்ட் ஏழு பேரை ஏத்திக்கிட்டு பூம்பாறை ரோட்டுல போயிருக்கீங்களா? நான் போனேன். குணா குகை தாண்டல, வயிறு பம்முன்னு ஊதிப்போச்சு. கண்ணாடியையும் திறக்க முடியாது, வெளிய பனி, பின்சீட்டுல புதுசா கல்யாணம் ஆன ஜோடி. அதுக்கு மேல எழுத மாட்டேன்.

அன்னையிலேர்ந்து முட்டை மட்டும்தாண்ணே. அதுவும் மஞ்சக்கருவை எடுத்துட்டு வெள்ளை மட்டும் நாலு. கலோரி எழுபதுதான், புரோட்டீன் பதினாலு. இதை அடிச்சுக்க எதுவும் இல்ல.

மெஸ் அக்கா (குன்னூர்)

தம்பி, கணக்கு சரி. ஆனா நாலு வெள்ளை சாப்பிட்டு எத்தனை மணிக்கு மறுபடி பசிச்சுது, அதைச் சொல்லலையே? ஊதுறது, முதல் நாளே ஒரு கிண்ணம் சாப்பிட்டதால இருக்கும். காய்ஞ்ச கணக்குல 20 கிராம்ல ஆரம்பிச்சு, நல்லா ஆவி காட்டி, ரெண்டு வாரத்துல ஏத்துங்க. அப்படியும் ஒத்துக்கலைன்னா விட்டுருங்க, எல்லா வயிறும் ஒண்ணு இல்ல.

கொடை ஜீப்காரன்

அஞ்சரைக்குப் பசிச்சுது 😐 மன்னவனூர்ல ரெண்டு ஆம்லெட் போட்டேன்.

பூண்டு வியாபாரி

இதே பிரச்சினைதான் எங்க அப்பாவுக்கும். நாலு மணி ஆனா பசி பசின்னு கை நடுங்குது, வேர்த்துக்கொட்டுது, இந்தக் குளிர்ல சட்டை நனையுது. சுகர் மாத்திரை போடுறார், கிளிமிபிரைட். எடை குறையணும்னு மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கிட்டார். நாலு மணிக்கு ரெண்டு அவிச்ச முட்டை குடுத்தா சரியாகுமா? முளைப்பயறா?

மெஸ் அக்கா (குன்னூர்)

அண்ணா, இது இந்தப் பசி இல்ல. அந்த மாத்திரை சோறு குறைஞ்சாலும் சுகரை இறக்கிக்கிட்டேதான் இருக்கும். நடுங்கும்போது மெஷின்ல பாருங்க, 70க்குக் கீழ இருந்தா முட்டையும் வேண்டாம் பயறும் வேண்டாம், அதுல சுகர் ஏற நேரம் ஆகும். மூணு ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணியில கரைச்சுக் குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. மெஷின் இல்லைன்னாலும் நடுக்கம் வந்தா குடுத்துருங்க. ஆள் மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம நேரா ஆஸ்பத்திரிதான். டாக்டர்கிட்ட சாப்பாட்டைக் குறைச்ச விஷயத்தை இந்த வாரமே சொல்லுங்க, மாத்திரை அளவை அவர்தான் மாத்தணும்.

பூண்டு வியாபாரி

மெஷின் பக்கத்து வீட்டுல இருக்கு. நேத்து சாயங்காலம் பாத்தோம், 61. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

பனிமூட்டம் 77 (ஊட்டி)

நான் சொன்னது முழுசா தப்பு இல்ல, முளை கட்டினா வைட்டமின் சி வருது, பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். புரோட்டீன் மேட்டர் ஒத்துக்கிறேன். ஆனா குளிர் ஊருக்காரங்களுக்குப் பசி ஜாஸ்தி, அதை யாரும் சொல்லலையே? மேட்டுப்பாளையம் இறங்கினா எனக்கு நாலு மணிக்குப் பசிக்கிறதே இல்ல.

கொடை ஜீப்காரன்

மேட்டுப்பாளையத்துல வெயில்ல சோறே இறங்காது, அதுக்குப் பேரு டயட்டா?

டஸ்ட்டீ கிளார்க் (கோத்தகிரி)

பத்து நாள் கழிச்சு வரேன். முதல் அஞ்சு நாள் கடலை 30 கிராம் டப்பா மட்டும், அளவு சரி, ஆனா ஆறரைக்குப் பசி அப்படியே. அடுத்த அஞ்சு நாள் ரெண்டு முழு முட்டை, மஞ்சளோட, மிளகு தூவி, கூட துருவின கேரட். மொத்தம் 180 கலோரி வந்துச்சு. ஒரு சின்ன மாத்தம், நாலு மணி வரைக்கும் காத்திருக்காம மூணரைக்கே, டீ வரதுக்கு முன்னாடி சாப்பிட்டேன். எட்டு மணிச் சாப்பாடு வரைக்கும் தாங்குச்சு, அஞ்சு நாள்ல நாலு நாள். அது முட்டையாலயா சீக்கிரம் சாப்பிட்டதாலயான்னு எனக்கே புரியல. எடை அரைக் கிலோ குறைஞ்சிருக்கு, அதை நம்பலாமான்னு இன்னும் ரெண்டு வாரம் பாக்கணும்.

அந்த அஞ்சாவது நாள் வர்க்கி சூடா வந்துருச்சு. ரெண்டு. தராசுல வெச்சுப் பாத்துட்டுதான் சாப்பிட்டேன். மெஸ் அக்கா, நாட்டுக்கோழி முட்டை ஓட்டோடயே சதையும் பிஞ்சு வருதே, அதுக்கு என்ன பண்றது?

மெஸ் அக்கா (குன்னூர்)

இன்னிக்கு இட்ட முட்டை அப்படித்தான் வரும். ஒரு வாரம் வெச்சிருந்து அவிங்க, கொதிக்கிற தண்ணியில மெதுவா இறக்குங்க, எடுத்ததும் பச்சைத் தண்ணியில போடுங்க.