ஜெர்மனிக்குப் போன தோழியின் தனிமை: கைகொடுத்தவையும் தவறிப்போனவையும்

கும்பகோணம் ஆசிரியை

ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த தோழி, கணவரின் வேலை காரணமாகச் சென்ற ஆண்டு ஆகஸ்டில் நான்கு வயது மகனுடன் ஜெர்மனியின் காசல் நகருக்குக் குடிபெயர்ந்தாள். கணவர் காலை எட்டரை மணிக்கு மகனை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதன்பின் பிற்பகல் வரை அவளோடு பேச அந்த வீட்டில் எவரும் இல்லை. இங்கே இருந்தபோது கீரைக்காரம்மாவோடு கூட அரைமணி நேரம் பேசக்கூடியவள் அவள். அவளுக்கு ஆறுதலாக நான் செய்தவற்றில் பாதி வீணானது என்பதால், அதையே முதலில் எழுதுகிறேன்.

என் பள்ளியில் மதிய உணவு இடைவேளை 12.40க்குத் தொடங்கும். அங்கே அப்போது காலை 9.10. வீடு வெறிச்சோடிச் சற்று நேரம் ஆகியிருக்கும் அந்த வேளையில் நாள்தோறும் அழைத்தேன், அவளும் காத்திருந்து எடுத்தாள். அக்டோபர் மாத இறுதியில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி நான்கு நாட்கள் அவள் எடுக்கவே இல்லை. முந்தைய வாரம் நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எண்ணி இரவெல்லாம் உழன்றேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையிலான மூன்றரை மணி நேரம் அன்றிலிருந்து நான்கரை ஆகிவிடுகிறது. என் அழைப்பு இப்போது அவளுக்கு 8.10க்கு, மகனுக்குக் குளிராடை மாட்டும் அமளிக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அவளோ 9.10க்குக் காத்திருந்துவிட்டு, 'இவளுக்கும் சலித்துவிட்டது போலும்' என்று முடிவு கட்டியிருந்தாள்.

இரண்டாவது தவறு தீபாவளியன்று நடந்தது. அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, நான் அங்கே போய்க் காணொளியில் அழைத்துக் கைப்பேசியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பதினைந்து பேரும் 'சாப்பிட்டாயா, அங்கே குளிரா' என்ற அதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். அழைப்பு முடிந்த பிறகு அவள் மூன்று நாட்கள் பேசவில்லை.

இதே நிலையில் நண்பர்களைத் தேற்றியவர்கள், அல்லது அவ்வாறு தேற்றப்பட்டவர்கள், தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

கோவை மென்பொருள் பொறியாளர்

என் நண்பன் நெதர்லாந்தில் இருந்த இரண்டு ஆண்டுகளும் ஒருநாள் விடாமல் இரவு ஒன்றரை மணி நேரம் பேசினேன். இருவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் கிரிக்கெட் பார்ப்போம், சமைக்கும்போது கைப்பேசியை அடுப்படியில் சாய்த்து வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் இணைப்பு மட்டும் இருக்கும், அதுதான் அவனுக்குப் பிடித்தது. ஆகவே அழைப்பை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

லைப்சிக் செவிலியர்

நான் தேற்றப்பட்ட தரப்பிலிருந்து எழுதுகிறேன். முன்னவர் சொன்ன 'பேசாமல் இணைப்பில் இருப்பது' முற்றிலும் உண்மை. என் அக்கா காய் நறுக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போன இரவுகள் உண்டு. ஆனால் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் குளிர்காலத்தில் என் மாலைகள் அனைத்தையும் ஊருக்கே கொடுத்துவிட்டேன். உடன் வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸ் சந்தைக்கு அழைத்தபோதெல்லாம் 'வீட்டில் அழைப்பார்கள்' என்று மறுத்தேன். அவர்கள் மூன்று முறை கேட்டார்கள், நான்காவது முறை கேட்கவில்லை.

தீபாவளி அழைப்பைப் பற்றி ஆசிரியை எழுதியதைப் படித்தபோது என் மனமும் கனத்தது. அங்கே எல்லோரும் கூடியிருக்கிறார்கள், நீ மட்டும் ஒரு சின்னத் திரையில் இருக்கிறாய் என்பதை அந்த அழைப்பு பதினைந்து முறை சொல்லிவிடுகிறது. நாங்களும் 'நன்றாக இருக்கிறேன்' என்று பதினைந்து முறை சொல்லியாக வேண்டும். என் சித்தி மட்டும் பண்டிகை முடிந்த மறுநாள், யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்தப் பலகாரம் தீய்ந்துபோனது என்று இருபது நிமிடம் புறணி பேசினார். அந்த ஆண்டு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மதுரை அம்மா

என் மகன் அமெரிக்காவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தனியாக இருப்பவர்களை எவரும் நினைப்பதில்லை என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். அவன் ஞாயிறு தோறும் அழைக்கிறான், பத்து நிமிடத்தில் வைத்துவிடுகிறான். நீங்கள் கேட்டதைப் போல என்னைத் தேற்றும் வழியை யாராவது அவனுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கும்பகோணம் ஆசிரியை

அம்மா, நான் கேட்டது வெளிநாடு போனவர்களைப் பற்றி. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தபின், உங்கள் மகனுக்கும் பேச ஒன்றும் கிடைக்காமல்தான் பத்து நிமிடத்தில் வைக்கிறாரோ என்று தோன்றுகிறது. நீங்களும் அந்தப் புறணி முறையைச் சற்று முயன்று பார்க்கலாம்.

டோர்ட்முண்ட் வாசி

தங்கைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1986ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தவன். உங்கள் தோழியை இங்குள்ளவற்றோடு இணைப்பதற்கு ஊரிலிருந்தே நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

காசலிலிருந்து ஹாம் நகருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்நகரின் உவென்ட்ரோப் பகுதியில் எங்கள் மக்கள் எழுப்பி, 2002ஆம் ஆண்டு குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் வருவார்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, நாள் முழுக்கத் தமிழ் காதில் விழும். ஆனால் முதல்முறை திருவிழாவுக்குப் போகச் சொல்லாதீர்கள், கூட்டத்தில் தனிமை இன்னும் கூடும். சாதாரணமான ஒரு நாளில் போனால்தான் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் 'எந்த ஊர் பிள்ளை' என்று கேட்பார்.

மற்றொன்று, மொழி வகுப்பு. குடும்பத்தோடு சேர வந்து வதிவிட அனுமதி பெற்றவர்களுக்கு அரசு ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் வழக்கமாக 600 மணி நேரம் மொழியும் 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடமும் உண்டு. மொழியை விட, காலையில் ஆடை மாற்றிக்கொண்டு வெளியே போக ஒரு காரணம் கிடைக்கிறது என்பதுதான் பெரிது. சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்த, அவரைப் போலவே திக்கித் திணறிப் பேசுகிற பெண்களே அவருடைய முதல் சிநேகிதிகளாக அமைவார்கள். அடுத்த வீட்டு ஜெர்மன்காரர் சிநேகிதராக எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

டிசம்பரில் அங்கே மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அக்காலத்தில் சோர்வு எல்லோருக்கும் உண்டு. ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து, பிள்ளையைக் கவனிப்பதே பாரமானால், அதை ஊர் ஏக்கம் என்று தள்ளிவிடாமல் குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சார்ஜாவில் 22 ஆண்டுகள் இருந்தவர்

எண்பதுகளின் இறுதியில் எங்களுக்குத் தொலைபேசியில் பேசுவது சம்பளத்தைத் தின்னும் காரியமாக இருந்ததால், ஒலிநாடா அனுப்பிக்கொள்வோம். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் ஒரு மாதம் கழித்துப் பதில் நாடா வரும். என் நண்பன் ஒருவன் அறுபது நிமிட நாடாவில் தன் பேச்சு தீர்ந்த பிறகு பதிவுக்கருவியைத் திண்ணையிலேயே விட்டுவிட்டான் போலிருக்கிறது. மீதிப் பக்கம் முழுக்க மாட்டு மணியும், தண்ணீர் பிடிக்கும் சண்டையும், பள்ளிவாசல் பாங்கும்தான். அறையில் இருந்த எட்டுப் பேரும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம், அவன் பேசிய பக்கத்தை யாரும் கேட்கவில்லை. ஆசிரியை அதைச் செய்து பார்க்கலாம்.

கும்பகோணம் ஆசிரியை

ஐயா, செய்தேன். பெரிய கடைத்தெருவில் காலையில் நடந்துபோகும் ஓசையை நான்கு நிமிடம் பதிந்து அனுப்பினேன். ஆனால் அவள் முதல் முறை கேட்டுவிட்டு அழுதுவிட்டதாகவும், இனி அனுப்ப வேண்டாம் என்றும் எழுதினாள். ஜனவரியில் அவளே மீண்டும் கேட்டாள். எந்த நேரத்தில் எது மருந்தாகும், எது புண்ணைக் கிளறும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பொதியிலும் அடிபட்டேன். அரைக்கிலோ காப்பித்தூள், பால்கோவா, ஒரு புட்டி நெய், பருப்புப்பொடி எல்லாம் கட்டி அஞ்சலில் அனுப்பினேன். அது முதலில் 'பெறுநர் இல்லை' என்று திரும்பி, இரண்டாம் முறை அனுப்பியபோது சுங்கத்தில் நின்றது. அவள் மகனையும் இழுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போனாள். பால்கோவாவும் நெய்யும் அவள் கண்ணெதிரே எடுத்துக்கொள்ளப்பட்டன. மகிழ்விக்க அனுப்பியது ஒரு நாள் அலைச்சலாக முடிந்தது.

டோர்ட்முண்ட் வாசி

முதல் முறை திரும்பியதற்குக் காரணம் நான் ஊகிக்கிறேன். இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது. அஞ்சல்காரர் அழைப்புமணியிலும் அஞ்சற்பெட்டியிலும் உள்ள குடும்பப் பெயரைத்தான் பார்ப்பார். பெட்டியில் கணவரின் பெயர் மட்டும் இருந்திருக்கும், நீங்கள் தோழியின் பெயரும் தந்தையின் முதலெழுத்தும் எழுதியிருப்பீர்கள். அவருடைய பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். தன் பெயர் வாசலில் இருப்பது மனத்துக்கும் நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் அஞ்சலில் வரவே கூடாது. தனிப்பட்டவர் அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரியில்லை, ஆனால் காப்பித்தூளுக்கு அதற்குள்ளும் 500 கிராம் என்று தனி வரம்பு உண்டு. உங்கள் அரைக்கிலோ சரியாக அந்த விளிம்பில் தப்பியிருக்கிறது. பொதியின் மேல் 'அன்பளிப்பு' என்பதையும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் விலையையும் தெளிவாக எழுதினால் பெரும்பாலும் வீட்டுக்கே வந்துவிடும்.

லைப்சிக் செவிலியர்

அக்கா, தோழி இப்போது எப்படி இருக்கிறார்? எது கடைசியில் கைகொடுத்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே.

கும்பகோணம் ஆசிரியை

தற்செயலாக நடந்தது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நடிக்க ஒரு பன்னிரண்டு நிமிட நாடகம் தேவைப்பட்டது. எனக்கு எழுத வராது, அவளுக்கு வரும். அவளைத் தேற்றும் எண்ணம் எதுவும் இல்லாமல், என் கழுத்தில் கத்தி இருந்ததால்தான், வெள்ளிக்குள் வேண்டும் என்று கேட்டேன். வியாழன் இரவே அனுப்பிவிட்டாள். அதன்பின் பிள்ளைகள் 'அத்தை, இந்த இடத்தில் கிழவி எந்தப் பக்கமிருந்து வரவேண்டும்' என்று குரல்பதிவு அனுப்ப, அவள் அவர்களைத் திட்டித் திருத்திப் பதில் அனுப்ப, மூன்று வாரம் ஓடியது. அதுவரை நான் கேட்டவை எல்லாம் அவளுடைய நலத்தைப் பற்றிய கேள்விகள்தாம். அவளால் ஆகவேண்டிய காரியம் என்று ஒன்றை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

மார்ச் முதல் மொழி வகுப்புக்குப் போகிறாள், காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுகிறது. அதனால் 12.40க்கு இப்போது நான் ஆசிரியர் அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் பேசிக்கொள்கிறோம், போன சனிக்கிழமை அவள்தான் சீக்கிரம் வைத்தாள்.

அடுத்த பொதியில் பாலும் நெய்யும் சேராத, ஒரு மாதம் கெடாத இனிப்பு எதுவும் அனுப்ப முடியுமா? பொரிவிளங்காய் உருண்டையை நினைத்திருக்கிறேன். வெல்லப்பாகு சேர்ந்ததை எவரேனும் அங்கே அனுப்பியிருந்தால் சொல்லுங்கள்.