ஹோட்டல் விளம்பர ஏட்டில் "ஹோம் அவே ஃப்ரம் ஹோம்": தமிழில் எப்படி எழுதுகிறீர்கள்?

வளவு:
இந்த வரிக்கு அடிக்கடி கண்ணில் படும் தமிழ், "வீட்டிலிருந்து தொலைவில் ஒரு வீடு". படித்ததும் ஊரைப் பிரிந்த ஏக்கம்தான் தோன்றுகிறது. புறநகரில் மனை விற்கிறார்களோ என்றும் நினைக்கலாம். ஆங்கிலத்தில் அது ஆறுதல், தமிழில் பிரிவு. "இன்னொரு வீடு", "இரண்டாவது வீடு" என்று மாற்றினால் இன்னும் மோசம். "சின்ன வீடு" என்ற வழக்கு உள்ள மொழியில் குடும்பத்தோடு வருபவரிடம் அப்படிச் சொல்லவே கூடாது. எப்படிக் கையாளுகிறீர்கள், வாக்கியத்தோடு சொல்லுங்கள்.

நெல்லைத்தமிழ்:
வீட்டுக்காரர் விருந்தாளியிடம் என்ன சொல்வார் என்பதிலிருந்து தொடங்குவேன். "நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க, கூச்சப்படாதீங்க." ஆங்கிலம் சொல்ல வந்ததும் அதைத்தான். கவனிக்க வேண்டியது "எங்கள்", "நம்" வேறுபாடு. "எங்கள் வீடு போல" என்றால் விருந்தாளி வாசலுக்கு வெளியே நிற்கிறார். "நம் வீடு போல" என்றால் உள்ளே வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவசரத்தில் "எங்கள்" வந்து விழுந்துவிடும்.

கொடைமலை:
எங்கள் தங்கும் விடுதி ஏட்டில் "ஹோட்டல்" என்றே போட்டிருக்கிறோம். சாப்பாடு மட்டும் கிடைக்குமா என்று கேட்டுப் பலர் போன் செய்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்களேன்.

வளவு:
கேட்டது வேறு என்றாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் முதலில் சாப்பாட்டுக் கடைதான். வெறும் "விடுதி" என்றால் மாணவர் விடுதியும் நினைவுக்கு வரும். "தங்கும் விடுதி" என்று முழுதாகப் போட்டு, கீழே "தங்குபவர்களுக்குச் சாப்பாடு உண்டு" என்று ஒரு வரி சேருங்கள்.

நெல்லைத்தமிழ்:
"கல்லெறி தூரத்தில் கோயில்" என்பதையும் ஒழிக்க வேண்டும். அது அப்படியே ஆங்கில இறக்குமதி. நம்முடையது "கூப்பிடு தூரம்".

அச்சுப்பிழை:
பாதிதான் சரி. தமிழ் விவிலியத்தில் லூக்கா 22:41-இலேயே "கல்லெறிதூரம்" இருக்கிறது, ஓர் அளவாக. அதனால் அந்நியம் என்று தள்ள முடியாது. ஆனால் ஏட்டில் இரண்டும் வேண்டாம் என்பேன். பயணிக்கு வேண்டியது "நடந்தே 5 நிமிடம்". நடந்து பார்த்து எண்ணைப் போடுங்கள். "கண்ணுக்கெட்டிய தூரம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பரந்த வெளியைச் சொல்வது, பக்கத்தில் என்று பொருள் தராது.

வளவு:
ஒரு பத்தியை முழுதாகப் பார்ப்போம். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் வந்தது இது:

"செட்டிநாட்டின் இதயத்தில் கூடு கட்டி அமைந்திருக்கும் எங்கள் பாரம்பரிய மாளிகை, வீட்டிலிருந்து தொலைவில் உங்கள் வீடு."

கூடு கட்டுவது பறவை, மாளிகை அல்ல. அதை எடுத்துவிட்டு, அந்த வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். முகப்பு, வளவு, தரையில் ஆத்தங்குடிக் கல், இலைச் சாப்பாடு என்று பதில் வந்தால் வேலை பாதி முடிந்தது:

"அரண்மனைக்கு நடந்தே போகலாம். முகப்பில் உட்கார்ந்தால் தெருக்காற்று. வளவில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி. மதியம் இலை போட்டுச் சாப்பாடு. ஊரை விட்டு வந்தாலும் வீட்டை விட்டு வந்தது போல இருக்காது."

"வீடு போல" என்ற உணர்வைப் பொருள்களே சொல்லிவிடுவதால் கடைசி வரி தாங்குகிறது. அந்த விவரங்கள் இல்லாத 40 அறைக் கட்டடத்துக்கு இதே வரியைப் போட்டால் நம்ப மாட்டார்கள். அங்கே "அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம்" என்பது போல உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

அச்சுப்பிழை:
அந்தக் கடைசி வரி தலைப்பானால் ஒரே வரியில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்காமல் "வந்தாலும்" என்பதற்குப் பின் மடியுங்கள். "வந்தது" என்பதற்குப் பின் மடித்தால் "ஊரை விட்டு வந்தாலும் வீட்டை விட்டு வந்தது" என்று கண் நின்றுவிடும். "போல இருக்காது" தனியே கீழே கிடக்கும், பொருளே தலைகீழ். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மடிக்கும் இடத்தைக் குறித்தே அனுப்புங்கள்.

கொடைமலை:
உரிமையாளர் இதை ஆங்கிலத்தில் திருப்பிப் பார்த்து, என் வரி எங்கே என்று கேட்டால்?

நெல்லைத்தமிழ்:
மூன்று பத்தியாகக் கொடுங்கள்: ஆங்கில வரி, சொல்லுக்குச் சொல் தமிழ், நீங்கள் எழுதிய தமிழ். நடுப்பத்தியைத் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "தொலைவில் ஒரு வீடு" என்பதை அவர் வாயால் கேட்டால் உரிமையாளருக்கு விளங்கிவிடும்.

அச்சுப்பிழை:
"உங்கள் வீடு போல" என்பதையும் விட்டுவிட வேண்டாமே. "நம்ம" சில பெரிய விடுதிகளுக்கு அதிக உரிமை எடுத்துக்கொள்வதாகப் படும்.

வளவு:
ஐந்து அறை வீட்டுக்கு "நம் வீடு", பெரிய விடுதிக்கு "உங்கள்" என்று இப்போதைக்கு எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விடுதிகளுக்கு எது ஒட்டும் என்று எனக்கும் இன்னும் முடிவாகவில்லை.