போனில் பதிவான லேட்-லாங் புள்ளிகளைத் தெருப் பெயராக மாற்றியவர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்

சர்வீஸ்மேன்_மாம்பலம்
நான் வீடு வீடாக, கடை கடையாகப் போய் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்ப்பவன். பயணப்படிக்கு மூன்று மாதம் எங்கெங்கே போனேன் என்று முகவரியோடு பட்டியல் கேட்டார்கள். நல்லவேளை போனில் GPSLogger நிமிடத்துக்கு ஒரு புள்ளி பதிந்து வைத்திருந்தது. வேலை நாள் 78, மொத்தம் சுமார் 42,000 வரி. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினாட்டிமில் ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி, அப்படியென்றால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரி, முதலில் ஒரு நாளை மட்டும் பார்ப்போம் என்று எடுத்தேன்.

அன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரே கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். 45 புள்ளி. அதில் 19 ரங்கநாதன் தெரு என்று வந்தது, 13 பக்கத்தில் இணையாகப் போகும் நடேசன் தெரு, மீதி ஒரு ஏடிஎம், ஒரு துணிக்கடை, ஒன்று மட்டும் கோடம்பாக்கம். நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் நம்புவார்கள்? இப்படி வேறு யாருக்காவது ஆனதா?

கொங்கு_கோடர்
எனக்கும் ஆனது. தசம இடங்களை வெட்டிவிட்டிருப்பீர்கள், அதுதான் காரணம். நாலு இடம் வைத்தால் பதினோரு மீட்டர் வரை தள்ளிப்போகும். ஆறு இடம் வையுங்கள், பத்து சென்டிமீட்டர் சுத்தமாக வரும்.

வரைபட_ஆசாமி
கொங்கு சொன்ன கணக்கு சரி, ஆனால் இங்கே அது உதவாது. ஆறு இடம் எழுதினால் எண் நீளமாகும், போனுக்குத் தெரிந்தது கூடாது. அந்த சிஎஸ்வி-யில் `accuracy` என்று ஒரு பத்தி இருக்கும் பாருங்கள். அதில் 40 என்று இருந்தால், நீங்கள் 40 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றுதான் ஆண்ட்ராய்டு சொல்கிறது. மிச்ச ஒரு பங்கு வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம். ரங்கநாதன் தெரு மாதிரி இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கும் சந்தில் 40 மீட்டர் என்பது அடுத்த தெருவைத் தொட்டுவிடும்.

இன்னொன்று, நாமினாட்டிம் "இந்தப் புள்ளி எந்த முகவரிக்குள் இருக்கிறது" என்று பார்ப்பதில்லை. தன் வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் பொருத்தமான ஒரு பொருளைத் தேடி, அதன் முகவரியை எடுத்துத் தருகிறது. ஏடிஎம்மை யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் உட்கார்ந்த கடையை யாரும் வரையவில்லை, அதனால் ஏடிஎம் வந்தது. அந்தக் கோடம்பாக்கம் வரியில் `provider` பத்தியைப் பாருங்கள், `network` என்று இருக்கும் என்று நினைக்கிறேன், அதாவது செயற்கைக்கோள் இல்லாமல் செல்போன் டவரையும் வைஃபையையும் வைத்து ஊகித்த இடம்.

சர்வீஸ்மேன்_மாம்பலம்
ஆமாம், `network`தான். accuracy 1200.

அம்மு_அம்மா
என் போன் போன வாரம் பேருந்தில் தொலைந்துவிட்டது, கடைசியாக எந்தத் தெருவில் இருந்தது என்று இதில் பார்க்க முடியுமா? வீட்டு முகவரி கொடுத்தால் போதுமா?

வரைபட_ஆசாமி
அம்மா, இது ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவை முகவரியாக்கும் வேலை. தொலைந்த போனுக்கு உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து Find Hub பாருங்கள், சிம்மையும் உடனே முடக்கிவிடுங்கள்.

சர்வீஸ்மேன், 42,000 கேள்வி வேண்டாம். முதலில் 50 மீட்டருக்கு மேல் accuracy உள்ள வரிகளைத் தள்ளிவிடுங்கள். அப்புறம், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் 60 மீட்டருக்குள்ளேயே சுற்றிய புள்ளிகளை ஒரு நிறுத்தம் என்று சேருங்கள். அந்த நிறுத்தத்துக்கு சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு கெட்ட புள்ளி அதை இழுத்துக்கொண்டு போய்விடும். லேட், லாங் இரண்டையும் தனித்தனியே வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள். அதற்கு மட்டும் ஒரு கேள்வி:

```
https://nominatim.openstreetmap.org/reverse?lat=...&lon=...&format=jsonv2&zoom=17&layer=address&accept-language=ta
```

`layer=address` போட்டால் ஏடிஎம், துணிக்கடை எல்லாம் வராது. `zoom=17` என்றால் தெரு அளவில் நிற்கும். 18 கேட்டால் கட்டடத்தைப் பிடிக்கப் பார்க்கும், உங்கள் பதிவில் அதற்கான துல்லியம் இல்லை. User-Agent-இல் உங்கள் நிரல் இன்னதென்று எழுதுங்கள், ஒரு முறை வந்த பதிலைக் கோப்பில் சேமித்து வையுங்கள்.

ரெப்_வாழ்க்கை
நேரத்தையும் கவனியுங்கள் சார். நான் மருந்து விற்பனையில் இருக்கிறேன், இரவு ரயிலில் ஊர் ஊராகப் போவது வழக்கம். என் பதிவில் நேரம் கடைசியில் Z என்று இருந்தது, அதாவது இந்திய நேரம் இல்லை, UTC நேரம், அதை அப்படியே தேதி வாரியாகப் பிரித்துவிட்டேன். அதிகாலை 1:10-க்கு விழுப்புரத்தில் இறங்கியது முதல் நாள் 19:40 என்று விழுந்து, அந்த நாள் படியையே மறுத்துவிட்டார்கள். ஐந்தரை மணி நேரம் கூட்டிய பிறகுதான் தேதி பிரிக்க வேண்டும்.

கொங்கு_கோடர்
கூகுள் டைம்லைனில் இருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய Records.json-இல் எண் `latitudeE7` என்று வரும், ஒரு கோடியால் வகுக்க வேண்டும். இப்போது போனிலிருந்து எடுக்கும் Timeline.json-இல் டிகிரிக் குறியோடு எழுத்தாக வருகிறது, குறியை நீக்கிவிட்டு எண்ணாக்குங்கள். ஜியோஜேசனாக மாற்றினால் லாங் முன்னால் வரும், நான் அதைப் புரட்டிப் போட்டு சென்னை எல்லாம் ஸ்வால்பார் தீவுகளுக்கு வடக்கே கடலில் போய் நின்றது.

சர்வீஸ்மேன்_மாம்பலம்
செய்து பார்த்தேன். 42,000 வரி 212 நிறுத்தமாகச் சுருங்கியது, நாலு நிமிடத்துக்குள் முடிந்தது. ரங்கநாதன் தெருவின் 45 புள்ளியில் 31 மிஞ்சின, நடு மதிப்புக்கு ரங்கநாதன் தெரு என்றே வந்தது. நம்ப முடியவில்லை, நன்றி.

ஆனால் பட்டியலை என் சர்வீஸ் ரசீதோடு வைத்துப் பார்த்தால் ஆறு இடம் இன்னும் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறது. அதில் ஒன்றில் accuracy 12 என்றே இருக்கிறது. எப்படி?

கொங்கு_கோடர்
பதிலிலேயே `lat`, `lon` வரும், அதற்கும் நீங்கள் கேட்ட புள்ளிக்கும் தூரம் பாருங்கள். அதிகமாக இருந்தால் தவறு.

வரைபட_ஆசாமி
வீடாக இருந்தால் அது ஓடும். தெருவுக்கு ஓடாது, ஏனென்றால் அங்கே வருவது அந்தத் தெருத் துண்டின் நடுப்புள்ளி. நீளமான சாலையின் ஓரத்தில் நின்றால் பதில் சரியாகவே இருக்கும், தூரம் மட்டும் முந்நூறு மீட்டர் காட்டும். `polygon_geojson=1` சேர்த்து, வரும் கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம் அளக்க வேண்டும்.

அந்த ஆறு இடமும் கட்டடத்துக்குள்தானே? உள்ளே நேரடி சிக்னல் வராது, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது வரும். நீங்கள் நகராமல் இருந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போகும். எல்லாமே சேர்ந்து தள்ளிப்போனதற்கு நடு மதிப்பு எடுத்தாலும் அது தள்ளியேதான் இருக்கும். போன் அதைக் கவனிக்காமல் 12 என்று சொல்லும். நான் இதற்குச் செய்வது, நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் நடந்து வந்த ஐந்து புள்ளி எந்தத் தெருவில் இருந்தன என்று பார்ப்பது.

சர்வீஸ்மேன்_மாம்பலம்
அப்படிப் பார்த்ததில் நாலு சரியாகிவிட்டது. இரண்டில் வண்டியைத் தெரு முனையில் விட்டுவிட்டு நடந்திருக்கிறேன், உள்ளே போன வழி தெரியவில்லை. அந்த இரண்டு வரியில் இரண்டு தெருப் பெயரையும் எழுதி, பக்கத்தில் ரசீது எண்ணைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது கதவு எண்ணும் வேண்டுமாம். பழைய எண்ணா, புதிய எண்ணா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

ரெப்_வாழ்க்கை
கதவு எண்ணை ரசீதிலிருந்தே எடுங்கள் சார். எங்கள் பகுதியில் வரைபடத்தில் பாதி வீட்டுக்கு எண்ணே இல்லை.