புது மெஷினை இறக்கிப் பொருத்தும்போது வரும் சேதத்துக்கான எரெக்ஷன் பாலிசியை யார் எடுத்தீர்கள்? அனுபவத்தைப் பகிருங்கள்

திருப்பூர் பிராசஸிங்

எங்கள் ஆலைக்கு எட்டு சேம்பர் ஸ்டென்டர் வாங்கியபோது, ஆர்டரில் "இறக்குதல், பொருத்துதல், இன்சூரன்ஸ் யாவும் சப்ளையர் பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தது. அதுவே போதும் என்று பர்சேஸ் பிரிவும் ஆடிட்டரும் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது சேம்பரை ஹைட்ரா கிரேன் தூக்கி உள்ளே கொண்டுவரும்போது ஒரு பக்கத்து பெல்ட் விளிம்பில் அறுபட்டு, சேம்பர் சாய்ந்து, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய காம்பாக்டரின் மேல் விழுந்தது. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சர்வேயர் வந்தார். சப்ளையரின் பாலிசி நகலை மேஜையில் விரித்து, "காப்பீடு பெற்றவர்" என்ற கட்டத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அதில் சப்ளையர் பெயர் மட்டுமே இருந்தது. புதிய சேம்பருக்கான பணம் அவர்களுக்குப் போனது. காம்பாக்டரின் உருளையும் ஃபெல்ட்டும் போனதற்கு அந்தப் பாலிசியில் இடமில்லை என்றார். நாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த சொத்தையும் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பாதுகாப்பை அவர்கள் வாங்கவே இல்லை. எங்கள் தீ விபத்துப் பாலிசியோ, தூக்கிய பொருள் விழுந்த சேதம் பட்டியலில் இல்லை என்று கைவிரித்தது. ஏறத்தாழ 18 லட்சம் எங்கள் தலையில் விழுந்தது. அந்தப் பேனா முனை இன்னும் கண்ணில் நிற்கிறது. மற்றவர்கள் யார் பெயரில் எடுத்தீர்கள்?

ஓசூர் கணக்காளர்

எனக்கு இதில் குழப்பமே இல்லை. ஒப்படைக்கும் வரை மெஷின் சப்ளையருடையது, ஆகவே பாலிசியும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நம் பணத்தில் பாலிசி எடுத்தால், அவருடைய ஆட்கள் அலட்சியமாக வேலை செய்வதற்கு நாமே பிரீமியம் கட்டியதாகிவிடும். எங்கள் சி.என்.சி. வரிசை மொத்தமும் சப்ளையர் பாலிசியில்தான் வந்தது, ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் பிரச்சினை சப்ளையர் எடுத்ததால் வந்ததல்ல, அவர் அரைகுறையாக எடுத்ததால் வந்தது. தவிர, பாலிசியின் பெயரே எரெக்ஷன் ஆல் ரிஸ்க் என்றிருக்கும்போது பக்கத்து மெஷினுக்குத் தரமாட்டேன் என்பதை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே?

ஓய்வுபெற்ற அளவையர்

ஓசூர் நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஆல் ரிஸ்க் என்பது, காப்பீடு செய்த பொருளுக்கு, விலக்கு என்று எழுதப்படாத எந்தக் காரணத்தால் சேதம் வந்தாலும் என்று பொருள்படுமே ஒழிய, கூரைக்குக் கீழே உள்ள எல்லாப் பொருளுக்கும் என்று பொருள்படாது. "மெஷின் ஒப்படைக்கும் வரை சப்ளையருடையது" என்பதும் ஆர்டரில் அப்படி எழுதியிருந்தால்தான். எழுதாவிட்டால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, உரிமை யாரிடம் போகிறதோ நட்டமும் அவரையே சேரும் என்கிறது. துறைமுகத்திலோ லாரி ஏற்றத்திலோ உரிமை மாறிவிடும் ஆர்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே மெஷின் உங்களுடையது, பாலிசி அவருடையது. ஷெட்டில் சேதமாகிக் கிடப்பது உங்கள் மெஷின், கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னொருவர்.

சர்வேயராக இருந்தபோது என் கைக்கு வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். வெளிநாட்டு மெஷின், இன்வாய்ஸ் விலை 4 கோடி. சப்ளையர் தன் இன்வாய்ஸ் தொகைக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தார். ஆனால் இந்தப் பாலிசியில் போட வேண்டிய தொகை, வேலை முடிந்து ஓடத் தயாராக நிற்கும் மெஷினின் முழு மதிப்பு. கப்பல் கட்டணமும் சுங்க வரியும் 60 லட்சம், மெஷினுக்கான ஃபவுண்டேஷன், வயரிங், பொருத்தும் கூலி 40 லட்சம், ஆக மொத்தம் 5 கோடி. டிரைவ் பேனல் கவிழ்ந்து 50 லட்சம் சேதம். ஐந்தில் நான்கு பங்குதான் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று 40 லட்சமாகக் குறைத்து, அதிலிருந்து காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டிய எக்ஸஸ் 5 லட்சத்தையும் கழித்து 35 லட்சம் கொடுத்தோம். சுங்க வரி கட்டியவர் ஓனர், ஃபவுண்டேஷன் போட்டவரும் ஓனர். சப்ளையருக்கு அந்தத் தொகைகள் தெரியக்கூட வாய்ப்பில்லை. பல சப்ளையர்கள் வரும் வேலையையும், ஓடும் ஆலைக்குள் நடக்கும் வேலையையும் ஓனர் எடுப்பதே நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அப்படி எடுக்கும்போது சப்ளையர், பொருத்தும் காண்டிராக்டர் இருவர் பெயரையும் சேர்த்தே போட வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதே தொகையைக் கேட்டு உங்கள் காண்டிராக்டர் மேல் வழக்குப் போடும். அவர் மறுநாள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்வார். கூட்டுப் பெயரில் இருப்பவர் மேல் அப்படி வழக்குப் போட முடியாது. அலட்சியத்துக்கு நாம் பிரீமியம் கட்டுவதா என்ற கவலைக்கும் வழி உண்டு: யாருடைய ஆளால் சேதம் வந்ததோ அவரே எக்ஸஸ் தொகையை ஏற்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள்.

திருப்பூர் நண்பருக்கு ஒரு குறிப்பு. உங்கள் ஆலையின் மொத்தச் சொத்து மதிப்பு 50 கோடிக்குள் இருந்து, 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் லகு உத்யம் வகைப் பாலிசி வைத்திருந்தால், அதில் மோதல் சேதம் பற்றிய வாசகம் பழைய தீ பாலிசியைவிட விரிவானது. வாதாட இடம் உண்டு.

சிவகாசி அச்சகம்

எங்களுடையது வேறு கதை. வெளிநாட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய நான்கு கலர் ஆஃப்செட் மெஷினை வாங்கி வந்தோம். ஓனர் நாங்களே, பாலிசியும் நாங்களே எடுத்தோம், சரியான மதிப்புக்கும் எடுத்தோம். யூனிட்களை வரிசையாக நிறுத்தி, லெவல் பார்த்து, மின்சாரம் கொடுத்து முதன்முறையாக மெதுவாகச் சுற்றவிட்டபோது, இரண்டாவது யூனிட்டில் உள்ளே விட்டுவிட்ட ஒரு ஆலன் கீ பிளாங்கெட் சிலிண்டருக்கும் இம்ப்ரெஷன் சிலிண்டருக்கும் நடுவே போய்விட்டது. "டக்" என்று ஒரே ஒரு சத்தம். சிலிண்டரில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம்.

பழைய மெஷினுக்குச் சோதனை ஓட்டம் தொடங்கிய கணமே பாதுகாப்பு முடிந்துவிடும் என்று பாலிசியிலேயே இருக்கிறது என்றார்கள். புது மெஷினுக்கு நான்கு வாரச் சோதனைக் காலம் வழக்கமாகச் சேர்ந்தே வருகிறதாம். ஆகவே யார் எடுப்பது என்ற கேள்வியைவிட, எது வரை எடுப்பது என்று முதலில் கேளுங்கள்.

ஈரோடு பாயிலர் ஹவுஸ்

சிவகாசி அண்ணாச்சி சொன்ன "எது வரை" என்பதில்தான் நாங்களும் மாட்டினோம். பாயிலர் சப்ளையரே பாலிசி எடுத்திருந்தார், பெயரும் கூட்டாகவே இருந்தது. சிவில் வேலை மழையில் தள்ளிப்போனது. பாலிசிக் காலம் முடிந்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நீட்டிப்பும் கேட்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் எக்கனாமைசர் காயிலை ஏற்றும்போது சங்கிலி பிளாக் நழுவி காயில் வளைந்தது. சப்ளையர், "உங்கள் ஃபவுண்டேஷன் தாமதமானதால்தான் காலம் முடிந்தது, செலவு உங்களுடையது" என்கிறார். நாங்கள், "பாலிசியை உயிரோடு வைத்திருப்பது உங்கள் வேலை" என்கிறோம். இரண்டு தரப்பு வக்கீல்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற அளவையர் ஐயா, இதில் யார் பக்கம் நியாயம்?

எரெக்ஷன் சைட்

நான் சப்ளையர் தரப்பில் வேலை செய்பவன் என்பதால் ஒரு வார்த்தை. நாங்கள் எடுத்தால் குறை, நீங்கள் எடுத்தால் நிம்மதி என்பதுபோல் இங்கே பேச்சு போகிறது. ஓனர் எடுத்த பாலிசியிலும் நாங்கள் அடிபட்டிருக்கிறோம். ஒரு தொழிற்சாலையில் ஓனர் பாலிசி போட்டிருந்தார், ஆனால் பெட்டிகள் வந்து இறங்கிய பிறகே போட்டார். பெட்டிகள் தார்ப்பாயின் கீழ் ஐப்பசி மழையில் கிடந்தன. திறந்தபோது பால் ஸ்குரூ முழுவதும் துரு. கப்பல் வழியில் நனைந்ததா, யார்டில் நனைந்ததா என்று மரைன் பாலிசி கம்பெனியும் எரெக்ஷன் பாலிசி கம்பெனியும் ஒருவரை ஒருவர் காட்டின. இரண்டையும் ஒரே கம்பெனியில், மரைன் கம் எரெக்ஷன் என்று சேர்த்து எடுத்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. இல்லாவிட்டால், திறந்த பிறகு தெரியும் சேதத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்கும் ஐம்பதுக்கு ஐம்பது வாசகத்தை இரண்டு பாலிசியிலும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் கிரேனும் டூல்ஸும் உங்கள் பாலிசியில் வராது, அவற்றுக்குத் தனியாக எடுப்பது நாங்கள்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓசூர் கணக்காளர்

பெரிய ஒப்பந்தங்களுக்குப் பயன்படுத்தும் ஃபிடிக் படிவங்களில் பெரும்பாலும் காண்டிராக்டர்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்றிருக்கிறதே? உலகமே தவறா?

ஓய்வுபெற்ற அளவையர்

தவறில்லை. 1999 படிவத்தில் 18ஆம் பிரிவும் 2017 படிவத்தில் 19ஆம் பிரிவும் காப்பீட்டைப் பேசுகின்றன, கூட்டுப் பெயரும் அங்கே வருகிறது. ஆனால் அது, தரிசு நிலத்தில் ஒரே காண்டிராக்டர் எல்லாவற்றையும் கட்டி முடிக்கும் வேலைக்குப் பொருத்தமாக இருக்கும். ஓடும் ஷெட்டுக்குள் மெஷின் ஒருவர், பைப் ஒருவர், பேனல் ஒருவர் என்று வருமிடத்தில், மூவரும் தனித்தனியே எடுத்த மூன்று பாலிசிகளுக்கு நடுவே விழும் சேதத்தை மூவரும் மறுப்பார்கள்.

ஈரோடு நண்பரே, ஆர்டரில் "பாலிசி ஒப்படைப்பு வரை அமலில் இருக்க வேண்டும்" என்று இருக்கிறதா, "இத்தனை மாதம்" என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முதலாவது என்றால் உங்கள் வாதம் பலமானது. இரண்டாவது என்றால், தாமதம் உங்களுடையது என்பதால் நீட்டிப்புப் பிரீமியத்தை நீங்கள் ஏற்றிருக்க வேண்டும் என்று அவர் சொல்வார், அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எப்படியானாலும் காலம் முடிவதற்கு முன்பே கேட்டால்தான் நீட்டிப்பு தடையின்றிக் கிடைக்கும். முடிந்த பின் நடந்த சேதத்துக்கு எந்தக் கம்பெனியும் முன்தேதியிட்டு நீட்டிப்பு எண்டார்ஸ்மென்ட் தராது.

ஈரோடு பாயிலர் ஹவுஸ்

பார்த்துவிட்டேன் ஐயா. "எரெக்ஷன் காலம் முழுவதும்" என்று இருக்கிறது. மாதமும் இல்லை, ஒப்படைப்பும் இல்லை. வக்கீலிடம் அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.