நைட் ஹேண்டோவரில் ரிஸ்க் தகவல் தொலைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். புதுச்சேரியில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். 24 படுக்கை, இரவில் 2 பேர். காலை 7.30 மணிக்கு ஹேண்டோவர், கிடைப்பது 15 நிமிடம்.

போன வாரம் நடந்தது. லித்தியம் எடுக்கும் ஒரு அம்மா இரவு 3 மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தார். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை உதறியது, நடை தள்ளாடியது. அப்போதே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், நான் கூப்பிடவில்லை. குறிப்பில் எழுதினேன். ஆனால் அவர் கேஸ் ஷீட்டில் தற்கொலை ஆபத்துக்கான சிவப்பு ஸ்டிக்கர் இருந்ததால் காலையில் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போனது. 8 மணிக்கு வழக்கம்போல லித்தியம் கொடுத்துவிட்டார்கள். ரவுண்ட்ஸில்தான் டாக்டர் கவனித்தார். ரத்தத்தில் அளவு 1.9. உடனே நிறுத்தி டிரிப் போட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எஸ்பார் படிவம் போட்டுப் பார்த்தோம். எல்லாக் கட்டத்திலும் "நன்றாகத் தூங்கினார்" என்றே நிரம்புகிறது. ஸ்டிக்கரை ஒட்டுகிறோம், எடுப்பவர் இல்லை. இன்று 9 ஷீட்டில் சிவப்பு. தப்பி ஓடும் ஆபத்து, அடிக்கும் ஆபத்து, மருந்து ஆபத்து எல்லாம் ஒரே நிறம். அப்புறம், படுக்கை எண் வரிசைப்படி சொல்வதால் 20-க்கு மேல் வரும்போது அவசரம்.

அந்த இரவில் புதிதாக மாறிய ஆபத்தை முதலில் சொல்லி, "எந்த மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும், யாரிடம் சொல்லியாயிற்று" என்பதும் விடுபடாமல் இருக்க, உங்கள் வார்டில் ஹேண்டோவரை எந்த வரிசையில் நடத்துகிறீர்கள்?