புதுப்பிப்பு: பினாங்கு மாடிப்படிக் காட்சியில் கிளாஸ் பிளாக் சுவர்

"பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளில் கிளாஸ் பிளாக் சுவருக்குப் பின்னால் நிற்பவர் மங்கலாகத் தெரியாமல், சுவர் வெறும் வெள்ளையாகிவிடுகிறதே, ஏன்?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

பரப்பின் சொரசொரப்பான ரஃப்னஸைக் கூட்டச் சொன்ன நண்பரின் யோசனை பாதிதான் பலித்தது. ஒளி மென்மையானது, உருவமோ அடியோடு மறைந்தது. உண்மையான கண்ணாடிக் கட்டி உள்ளீடற்றது என்றும், அதன் அலைகள் பெரும்பாலும் கண்ணாடியின் உட்பக்கத்தில்தான் இருக்கும் என்றும் கட்டுமானத் தொழிலில் உள்ள அண்ணன் ஒருவர் சுட்டிக்காட்டியதால், 19 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. தடிப்பும் கொண்ட கட்டியைக் குடைந்து, உட்சுவர்ப் பரப்பு பார்க்கும் திசையைக் குறிக்கும் நார்மல்களைக் குழிவை நோக்கித் திருப்பி, ஒளிவிலகல் எண்ணான ஐ.ஓ.ஆர். 1.5, ரஃப்னஸ் 0 என வைத்து, உட்பரப்பை மட்டும் நெளித்தேன். இப்போது சுவரை ஒட்டி நிற்பவரின் சிவப்புச் சட்டை ஒவ்வொரு கட்டியிலும் தனித்தனியே வளைந்து தெரிகிறது. அவர் விலக விலக நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. படிகளில் வெயில் விழும் இடத்தில் தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகள்தான் இன்னும் அடங்கவில்லை.