தேதியை இரண்டு நாள் முன்னே தள்ளினேன், அதன்பின் வருமானம் 0

மண்வெட்டி: சுரங்க விளையாட்டில் எனக்கு வினாடிக்கு 40 தங்கம். மூடி வைத்தால் பாதி வேகம், அதிலும் 8 மணி நேரத்துக்கு மட்டும், ஆக 5,76,000. அவசரப்பட்டு போன் தேதியை இரண்டு நாள் முன்னே வைத்தேன். அதே 5,76,000 வந்தது. தேதியைச் சரிசெய்துவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்தால் “நீங்கள் இல்லாதபோது கிடைத்தது: 0”. மறுநாளும் 0. அந்தப் பூஜ்யம் இன்னும் உறுத்துகிறது. இது தண்டனையா?

இரவல்நேரம்: தண்டனை இல்லை, வெறும் கழித்தல். நான் இப்படிப்பட்ட விளையாட்டுக்கு நிரல் எழுதியவன். முதல் பதிப்பில் கீழ் எல்லை வைக்க மறந்தோம். தங்கம் மைனஸில் இறங்கிய திரையை ஒருவர் படம்பிடித்து அனுப்பினார், வயிறு கலங்கிவிட்டது. பிறகு எழுதியது இது:

```
elapsed = clamp(now - lastSeen, 0, 8*3600)
lastSeen = max(lastSeen, now)
```

உங்களை நிறுத்தியது இரண்டாவது வரி. கடைசியாகப் பார்த்த நேரம் பின்னோக்கி நகராது. அது மட்டும் இல்லையென்றால், முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று நாள் முழுவதும் அள்ளலாம். நிஜக் காலம் அந்தப் பொய்த் தேதியைத் தாண்டியதும் வருமானம் தானாக வரும்.

தென்றல்7: இதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லா விளையாட்டும் சர்வர் நேரத்தைத்தான் பார்க்கின்றன. நான் தேதியை மாற்றிப் பார்த்தேன், ஒரு காசுகூடக் கூடவில்லை.

கோமதி_அம்மா: என் மகள் தேதியை 2035 ஆக்கி விளையாட்டைத் திறந்துவிட்டாள். நான் ஏமாற்றவே இல்லை. அப்படியானால் 2035 வரை எனக்கு 0 தானா? ஏழு மாத உழைப்பு. தம்பி, போனில் தேதி அமைப்பைப் பூட்டி வையுங்கள், தானியங்கி நேரத்தை அணைக்காதீர்கள், குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு கொடுங்கள், வாரம் ஒருமுறை சேமிப்பை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

இரவல்நேரம்: தென்றல், இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டு யாரிடம் நேரம் கேட்கும்? ஆண்ட்ராய்டில் `SystemClock.elapsedRealtime()` இருக்கிறது. போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணும், உறக்கத்திலும் எண்ணும், தேதியை மாற்றினாலும் அசையாது. கடிகாரம் 48 மணி நேரம் தாவியிருக்க, இது 5 நிமிடம் என்று சொன்னால் திருட்டு தெரிந்துவிடும். ஆனால் போனை அணைத்து ஏற்றினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த இடைவெளியில் எதையும் நிரூபிக்க முடியாது.

அம்மா, உங்கள் விளையாட்டு சர்வரோடு பேசுமானால், lastSeen எதிர்காலத்தில் இருப்பதைக் கண்டு உண்மை நேரத்துக்கு இறக்கும்படி எழுதியிருக்கலாம். ஒருமுறை இணையத்தோடு திறந்து பாருங்கள்.

கோமதி_அம்மா: இணையத்தோடுதான் திறந்தேன். இன்னும் 0.